கமிட்டிக்கு ஒரு கடிதம்: மொட்டை மாடித் தோட்டமும் தண்ணீர் முறையும்

மாடித் தோட்டம் வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதப்படும் கடிதங்களில் பெரும்பாலானவை காய்கறியைப் பற்றியே பேசுகின்றன. நஞ்சில்லாத கீரை, பிள்ளைகளுக்கு இயற்கையோடு பழக்கம், வீட்டுக்குள் குளிர்ச்சி என்று இரண்டு பக்கம் போகும். கமிட்டி உறுப்பினர்கள் தலையாட்டிவிட்டு, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று எடுத்து வைத்துவிடுவார்கள். அவர்களுக்குக் கீரை மீது எந்த வெறுப்பும் கிடையாது. மேல் வீட்டுக் கூரை ஒழுகினால் ராத்திரி பதினோரு மணிக்குத் தொலைபேசி வருவது செயலாளருக்குத்தான். மாடி தாங்குமா, ஓதம் இறங்குமா, இரண்டு மாதத்தில் ஆளாளுக்குக் கைவிட்டால் காய்ந்த பைகளை யார் இறக்குவது என்ற மூன்று கேள்விகளும் அவர்கள் மனதில் ஓடுகின்றன. வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் உங்கள் கடிதம் அவற்றுக்கே பதில் சொல்ல வேண்டும்.

இந்த அத்தியாயத்துக்கு மேல்மலையனூரில் ஒரு குடியிருப்பை மாதிரியாக வைத்துக்கொள்வோம். மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, 2,400 சதுர அடி மொட்டை மாடி. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இப்போது எழும்பி நிற்கும் கட்டடங்களும் ஏறக்குறைய இதே அளவுதான் என்பதால் கணக்கு அங்கும் பொருந்தும்.

கடிதம் எழுதும் முன் பத்திரத்தைப் பாருங்கள். வீட்டுமனைத் துறையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் மொட்டை மாடியைப் பொதுப் பகுதிகளில் ஒன்றாகவே கணக்கிடுகிறது. ஆனால் பழைய கட்டடங்களில் மேல் தளத்து வீட்டை விற்கும்போது மாடி உரிமையையும் சேர்த்து எழுதிக் கொடுத்த பத்திரங்கள் உண்டு. அப்படி ஒன்று இருந்தால் முதலில் பேச வேண்டியது அந்த வீட்டுக்காரரிடம். அவர் சம்மதம் இல்லாமல் கமிட்டிக்கு எழுதினால், கமிட்டி உங்களுக்கும் அவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கையோடு சேர்த்துக்கொள்ள வேண்டியது ஆட்களை. சிங்கப்பூரில் தேசியப் பூங்கா வாரியம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்திலும் ஆர்வமுள்ள குடியிருப்பாளர்கள் முதலில் குழுவாகச் சேருகிறார்கள், அனுமதி கேட்பது அதற்குப் பிறகு. நம் பன்னிரண்டு வீட்டில் ஏழு வீடு சேர்ந்தால் போதும். ஏழு ஏன் என்பது தண்ணீர் முறைக்கு வரும்போது புரியும்.

இனி பாரம். நம் நாட்டில் கட்டடத்துக்கான தர நிர்ணயம், ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரத்தைத் தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது. ஓரடி விட்டம், ஓரடி உயரமுள்ள வளர்ப்புப் பையில் தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் கொஞ்சம் மண்ணும் கலந்து நிரப்பி, தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு எடை பார்த்தால் 18 கிலோ அளவில் நிற்கும். அதே பையில் வெறும் வயல் மண்ணைப் போட்டால் 30 கிலோவைத் தாண்டும். இதைத் தாளில் கணக்குப் போட்டுச் சொல்வதைவிட, ஒரு பையை நிரப்பி நனைத்து, வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசில் வைத்து, அந்த எண்ணைக் கடிதத்தில் எழுதுங்கள். சந்தேகப்படுகிறவரைக் கூட்டிப்போய் அவர் கையாலேயே தராசில் வைக்கச் சொல்லலாம்.

சதுர மீட்டருக்கு இரண்டு பை என்றால் 36 கிலோ. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இடத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒட்டி ஒட்டி ஒன்பது பையை அடுக்கினால் 162 கிலோ ஆகிவிடும், அது வரம்புக்கு மேல். ஆகவே மாடி தாங்குமா என்பதற்குப் பதில் பைகளின் மொத்த எண்ணிக்கையில் இல்லை, அவற்றை எப்படிப் பரப்புகிறோம் என்பதில் இருக்கிறது. தளத்தின் நடுவை விட்டுவிட்டு, கீழே உத்திரம் ஓடும் கோட்டின் மேலும் மாடிப்படி அறையின் சுவரை ஒட்டியும் வையுங்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. அங்கேதான் பாரம் நன்றாகத் தாங்கும் என்று கொத்தனார் சொல்லலாம், பாரத்தைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் ஓரடி உயரப் பை ஒரு குழந்தைக்கு நல்ல படிக்கட்டு. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள், அதைக் கடிதத்திலும் எழுதுங்கள். கட்டடம் பழையதாக இருந்து, கீழ்த்தளத்துக் கூரையில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஒரு பொறியாளர் பார்க்காமல் அங்கே ஒரு பையும் ஏறக் கூடாது.

பாரத்தைவிடக் கமிட்டி பயப்படுவது ஓதத்துக்கு. நம் ஊர் மாடிகளில் தளத்தின் மேல் சுருக்கி போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஓட்டுக்கு ஓடு இருக்கும் இணைப்பில் கீறல் விழுந்தால் அந்த வழியாகத்தான் நீர் இறங்கும். தோட்டம் வருவதற்கு முன்பே அந்தக் கீறல் இருந்திருக்கலாம். ஆனால் தோட்டம் வந்த பிறகு ஒழுகினால் பழி தோட்டத்தின் மேல்தான் விழும். அதனால் பை ஏற்றும் முன் நீர் நிறுத்திப் பாருங்கள். வடிகுழாய் வாய்களைச் சாக்கால் அடைத்து, ஓரங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் மேல் தளத்து வீடுகளுக்குள் போய்க் கூரையின் மூலைகளையும் மின்விசிறிக் கொக்கியைச் சுற்றியும் பாருங்கள். ஈரத் திட்டு தெரிந்தால் முதலில் பழுது, அப்புறம்தான் தோட்டம். தெரியாவிட்டால் செயலாளரும் மேல் தளத்தாரும் பார்த்ததாகத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தரப்புக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது.

வடிகுழாய் விஷயத்தை இந்தப் பக்கத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அந்த மழை நம் மாதிரி மாடியில் பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வரும். அத்தனையும் நான்கைந்து குழாய் வாய் வழியாக இறங்க வேண்டும். ஒரு வாயில் நார்க்கழிவும் சருகும் அடைத்துக்கொண்டு நான்கு அங்குலத் தண்ணீர் நின்றாலே சதுர மீட்டருக்கு நூறு கிலோ. நாம் கணக்குப் பார்த்துப் பரப்பிய தோட்டத்தைப் போல மூன்று மடங்கு. ஆகவே ஒவ்வொரு வாயைச் சுற்றியும் மூன்றடிக்கு ஒன்றும் வைக்காமல் விடுங்கள், வாயில் கம்பி வலை போடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் யார் மேலே போய் வாய்களைத் துப்புரவு செய்வது என்பதைப் பெயரோடு எழுதி வையுங்கள். முதல் வருடம் பந்தலும் நிழல்வலையும் வேண்டாம். காற்றில் வலை பாய் விரித்ததுபோல் எழும்பும், கட்டிய கம்பியையும் பிடுங்கிக்கொண்டு போகும்.

இப்போது தண்ணீர். ஆடி வெயிலில் ஒரு பைக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும். நம் மாதிரி மாடியில் 24 பை வைப்பதாகக் கொண்டால் 48 லிட்டர், அதாவது மூன்று குடத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு ஆளுக்கு ஒரு நாள் மொத்தத் தண்ணீர்த் தேவையாக நகரத் திட்டங்களில் கணக்கிடுவது 135 லிட்டர் என்பதோடு ஒப்பிட்டுச் சொன்னால் கமிட்டிக்கு அளவு பிடிபடும். மழைக் காலத்தில் பல நாள் ஒன்றுமே தேவைப்படாது. சித்திரை, வைகாசியில் இரண்டு வேளை ஊற்ற வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் நீரைப் பயன்படுத்துவோம் என்று எழுதாதீர்கள். அதில் உப்பு திரண்டிருக்கும். சில வாரத்தில் பை விளிம்பில் வெள்ளைப் பூச்சு படியும், இலை நுனி கருகும்.

கூட்டுத் தோட்டம் சாவது தண்ணீர் இல்லாமல் அல்ல. யார் ஊற்றினார்கள் என்று தெரியாமல்தான். ஒருவர் ஊற்றியது தெரியாமல் இன்னொருவர் ஊற்றுவார், மறுநாள் இருவரும் மற்றவர் ஊற்றியிருப்பார் என்று விட்டுவிடுவார்கள். ஏரிப் பாசன ஊர்களில் இதற்காகத்தான் நீர்க்கட்டி என்று ஒரு ஆளை வைத்து முறை போட்டுத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மாடியிலும் அந்த ஏற்பாடுதான் சரி. ஏழு வீடு, ஏழு கிழமை, ஒரு வீட்டுக்கு ஒரு கிழமை. வாரத்துக்கு ஒரு வீடு என்று சுழற்றும் முறையைவிட இது நிற்கும். செவ்வாய் எங்கள் முறை என்பது யாருக்கும் மறக்காது, ஆனால் ஏழு வாரத்துக்கு ஒருமுறை வருவது மறந்துவிடும். வர முடியாதவர் தானே இன்னொரு வீட்டோடு நாளை மாற்றிக்கொள்ள வேண்டும். பொறுப்பாளரிடம் சொன்னேனே என்பது கணக்கில் வராது.

மாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். ஊற்றிய நேரம், எத்தனை குடம், கண்ணில் பட்டது என்ன என்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும். வாட்ஸ்அப்பில் போட்டால் பத்துச் செய்திக்கு மேல் போய்ப் புதைந்துவிடும். பலகை என்றால் கதவைத் திறப்பவர் கண்ணில் அடிக்கும்.

இந்த ஊரில் முறை போடும்போது அமாவாசையை விட்டுவிட முடியாது. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவ இரவில் மேல்மலையனூரில் இருப்பவர்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இருப்பவர்கள் சிறப்புப் பேருந்து பிடித்து இங்கே வருவார்கள். எந்த ஊர்க் கட்டடமாக இருந்தாலும் அன்று மாலையும் மறுநாள் காலையும் முறைக்காரர் கிடைக்க மாட்டார். நாள்காட்டியில் அமாவாசைகளைக் குறித்து, அந்த இரண்டு வேளைக்கும் கோயிலுக்குப் போகாத ஒரு வீட்டை முன்னதாகவே எழுதிவிடுங்கள். மாசியில் மயானக் கொள்ளையும் தேரும் நடக்கும் நாட்களுக்கும் இதே ஏற்பாடுதான். உள்ளூர்க் கட்டடமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. வந்த உறவினர்கள் படுக்க மொட்டை மாடிதான் இடம். மாடியின் பாதிக்குத் தோட்டம் வராது என்ற உறுதி கடிதத்தில் இருந்தால், வயதில் மூத்த உறுப்பினர்களின் எதிர்ப்பில் பாதி அப்போதே அடங்கிவிடும்.

அனுமதியைச் சோதனைக் காலத்துக்கு என்று கேளுங்கள். அந்தக் காலம் எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்பதில் பலர் சறுக்குகிறார்கள். தையில் தொடங்கி வைகாசியில் முடித்தால் மழையே பார்க்காத தோட்டத்தைக் காட்டி நிரந்தர அனுமதி கேட்பதாக ஆகும். கமிட்டியின் பயமோ மழையைப் பற்றியது. ஆடிப் பட்டத்தில் தொடங்கித் தையில் முடியுங்கள். வடகிழக்குப் பருவமழை முழுவதும் அதற்குள் வந்துவிடும், கூரை ஒழுகியதா இல்லையா என்பதற்குக் கண்ணால் கண்ட பதில் கிடைக்கும்.

பைகளுக்குத் தோட்டக்கலைத் துறையை அணுகலாம். நீங்களே செய்து பாருங்கள் என்ற பெயரில் 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித் தோட்டத் தளை கொடுக்கத் தொடங்கினார்கள், பின்பு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. ஒரு தளையில் ஆறு பை, ஆறு நார்க்கழிவுக் கட்டி, காய்கறி விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் சார்ந்த மருந்து என்று தொடங்கத் தேவையானது இருக்கும். இந்த வருடம் விலை என்ன, இருப்பு உண்டா என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கடிதத்தில் எண்ணைப் போடுங்கள். நான்கு தளை வாங்கினால் நம் 24 பை ஆகிவிடும்.

கடிதம் ஒரு தாளுக்கு மேல் போகக் கூடாது. நம் மாதிரிக் குடியிருப்புக்கு இப்படி எழுதலாம்:

அனுப்புநர்: 1-ஏ, 1-சி, 2-ஏ, 2-பி, 2-டி, 3-ஏ, 3-சி ஆகிய ஏழு வீட்டார்.

பெறுநர்: செயலாளர் மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்கள், குடியிருப்போர் நலச் சங்கம், மேல்மலையனூர்.

பொருள்: பொது மொட்டை மாடியில் ஏழு மாதச் சோதனையாக 24 பைகள் கொண்ட தோட்டம் வைக்க அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

நம் மொட்டை மாடியில் ஆடி முதல் தேதியிலிருந்து தை முடிய 24 பைகளில் கீரை, கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய் பயிரிட அனுமதி வேண்டுகிறோம்.

நனைந்த பை ஒன்றின் எடை 18 கிலோ. தராசில் வைத்துப் பார்த்தோம், உறுப்பினர்கள் எப்போது வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். சதுர மீட்டருக்கு இரண்டு பைக்கு மேல் வைக்க மாட்டோம். வைக்கும் இடம் இணைத்துள்ள வரைபடத்தில் உள்ளது. கைப்பிடிச் சுவரிலிருந்தும் வடிகுழாய் வாய்களிலிருந்தும் மூன்றடி, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி, துணி உலர்த்தும் கொடி, மாடியின் கிழக்குப் பாதி ஆகியவை காலியாக இருக்கும். பைகள் தரையில் படாமல் செங்கல் மேல் நிற்கும். அடியில் தட்டு வைத்து நீர் தேங்க விட மாட்டோம், கொசு வரும்.

பைகள் ஏறும் முன் செயலாளர் முன்னிலையில் ஒரு நாள் நீர் நிறுத்திப் பார்க்க அனுமதி கேட்கிறோம். அப்போது ஓதம் தெரிந்தால் பழுது பார்த்து முடியும்வரை தோட்டம் தொடங்காது.

நாளொன்றுக்கு 50 லிட்டருக்குள் பொதுத் தொட்டித் தண்ணீர் தேவைப்படும். தொட்டியில் தட்டுப்பாடு என்று செயலாளர் சொல்லும் நாட்களில் எங்கள் வீட்டுக் காய்கறி கழுவிய தண்ணீரைக் கொண்டுவருவோம். பை, விதை, உரம் எல்லாச் செலவும் ஏழு வீட்டாருடையது; பராமரிப்பு நிதியிலிருந்து எதுவும் வேண்டாம்.

ஒரு வீட்டுக்கு ஒரு கிழமை என்ற தண்ணீர் முறைப் பட்டியலும் அமாவாசை நாட்களுக்கான மாற்று ஏற்பாடும் இணைப்பில் உள்ளன. 2-பி வீட்டார் பொறுப்பாளர். மாடிச் சாவி முறைக்காரரிடம் கைமாறாது. காலை 6 முதல் 7 வரையும் மாலை 5 முதல் 6 வரையும் பொறுப்பாளர் திறந்து பூட்டுவார். புயல் எச்சரிக்கை வந்தால் 3-ஏ, 3-சி வீட்டார் வடிகுழாய் வாய்களைத் துப்புரவு செய்து, பைகளை மாடிப்படி அறைச் சுவரோரம் ஒதுக்குவார்கள்.

கூரையில் புதிதாக ஓதம் தெரிந்தாலோ, பலகைக் கணக்குப்படி ஒரே மாதத்தில் ஐந்து முறை தவறினாலோ, குழு எழுத்து மூலம் சொன்ன ஏழு நாளுக்குள் எல்லாப் பைகளையும் எங்கள் செலவில் இறக்கிவிடுவோம். தை முடிவில் குழு மாடியைப் பார்வையிட்டுத் தொடர்வதா வேண்டாமா என முடிவு செய்யலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஏழு வீட்டார் கையொப்பம்.

இந்தக் கடிதத்தில் கனமான பத்தி கடைசியில் இருப்பது. நிறுத்தும் அதிகாரத்தை நீங்களாகவே கமிட்டியின் கையில் கொடுக்கிறீர்கள். எப்போது நிறுத்தலாம் என்பதற்கு அளவும் சொல்லிவிடுகிறீர்கள். இது இல்லாத கடிதத்துக்குச் சம்மதித்தால் பின்னால் மாற்ற முடியாமல் போய்விடுமோ என்ற தயக்கம் அவர்களுக்கு வரும். விளைச்சலைப் பற்றிக் கடிதத்தில் எதுவும் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். அது ஏழு வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியது. கீரையை அன்றைய முறைக்காரர் பறித்துக்கொள்ளலாம், கத்தரி, தக்காளி, வெண்டை ஞாயிற்றுக்கிழமை பங்கு போடலாம். பறிக்க ஏதாவது இருந்தால் முறைக்காரர் மாடி ஏறத் தவற மாட்டார்.

கடிதத்தைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே செயலாளரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்தில் முடிவானது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள். வாய்வார்த்தை அனுமதி அடுத்த செயலாளர் வந்ததும் காற்றோடு போய்விடும்.

தோட்டம் தொடங்கியதும் முறைக்காரர்களுக்கு இரண்டு விஷயங்களை மாடியிலேயே நின்று காட்டிக் கொடுங்கள். நார்க்கழிவு மேலே காய்ந்து வெளுத்திருக்கும்போதும் உள்ளே ஈரமாக இருக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, விரலில் ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். புதியவர்கள் செடியைக் கொல்வது பெரும்பாலும் அதிகத் தண்ணீரால்தான். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். ஒரு பை இரண்டு மூன்று நாள் முழுக்கக் காய்ந்துவிட்டால் நார்க்கழிவு தண்ணீரை உள்ளே வாங்காது. ஊற்றிய நீர் பையின் ஓரமாகவே இறங்கி அடித் துளை வழியே ஓடிவிடும். முறைக்காரர் மூன்று குடம் என்று பலகையில் நேர்மையாக எழுதியிருப்பார், செடி வாடியபடியே இருக்கும். அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்கும். கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி கொஞ்சம் ஊற்றி என்று மூன்று தடவையில் நனைத்தால் பழைய கனம் திரும்பும்.

மத்தியான வெயிலில் கத்தரி இலை தொங்குவதைப் பார்த்துவிட்டு யாரும் பதறி ஓட வேண்டாம், சாயந்திரம் நிமிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கே தொங்கிக் கிடந்தால்தான் பலகையில் எழுத வேண்டும். பை லேசாக இருந்தால் முந்தைய நாள் முறை தவறியிருக்கிறது அல்லது தண்ணீர் ஓரமாக ஓடியிருக்கிறது. கனமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது. அந்தப் பைக்கு நாலு நாள் தண்ணீர் கொடுக்காமல், அடித் துளை அடைபட்டிருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள்.